தவணைக் காசுக்குள் வட்டி எவ்வளவு, சாமானின் விலை எவ்வளவு?



இந்த முறை நாங்கள் எடுத்துக்கொண்ட பாடம், கட்டிக் கட்டிச் சாமான் எடுக்கிற கணக்கு. பள்ளிக்கூடத்தில் கணக்கியல் படிக்கிற பிள்ளைகள் இதை வாடகைக் கொள்வனவு என்று படிப்பார்கள். லயத்தில் நாங்கள் "தவணைக்கு எடுத்தது" என்போம். பெயர் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

போன வருசக் கடைசியில் எங்களிடம் ஒரு மகள் வந்தாள். எங்கள் தோட்டத்தில் பிறந்து, மட்டக்களப்புப் பக்கம் கட்டிக்கொடுத்த பிள்ளை. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட வீடு. தாயைப் பார்க்க வந்தவள் கையில் ஒரு கொப்பியும் ஆறு ரசீதும் கொண்டுவந்திருந்தாள்.

"ஐயா, நான் தையல் மெசின் ஒண்ணு தவணைக்கு எடுத்தேன். ஆறு மாசம் கட்டிட்டேன், இன்னும் ஆறு மாசம் இருக்கு. இப்ப சீட்டுக்காசு விழுந்திருக்கு. ஒரேயடியா கட்டி முடிச்சிரலாம்னு பார்த்தேன். அரைவாசி கட்டியாச்சு, மிச்சம் முப்பதாயிரம் தானேன்னு கடையில கேட்டேன். இல்ல, முப்பத்தாறாயிரம்கிறாங்க. யாரு சொல்றது சரி?"

கொப்பியைப் பார்த்தோம். அவள் சொன்னதும் சரியில்லை, கடையில் சொன்னதும் சரியில்லை. சரியான தொகை இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அது எப்படி என்பதுதான் இன்றைய பாடம்.

மெசினின் இரண்டு விலை

அந்த மெசினை முழுக்காசு கொடுத்து எடுத்தால் விலை 75,000 ரூபா. அவள் முற்பணமாகக் கட்டியது 15,000. மிச்சம் 60,000 ரூபாதான் அவள் பட்ட கடன். இந்தக் கடனுக்கு "வருசத்துக்கு நூற்றுக்கு 20 வட்டி" என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். 60,000க்கு 20 வீதம் 12,000. இரண்டையும் கூட்டினால் 72,000. அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் மாதம் 6,000 ரூபா தவணை.

முற்பணத்தையும் தவணைகளையும் சேர்த்தால் அவள் கொடுக்கப்போவது மொத்தம் 87,000. ஆகவே ஒரே மெசினுக்கு இரண்டு விலை: காசு விலை 75,000, தவணை விலை 87,000. நடுவில் உள்ள 12,000 மெசினின் விலை அல்ல, காலத்துக்குக் கொடுக்கிற வட்டி. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் மேலே ஒரு கணக்கும் வராது. கொப்பியில் எழுதும்போதும் "மெசின் 75,000" என்றுதான் எழுத வேண்டும். 87,000 என்று எழுதக் கூடாது. வட்டியைத் தனிப் பக்கத்தில், அந்தந்த மாதச் செலவாக எழுத வேண்டும்.

ஒரு தவணையைப் பிரித்துப் பார்ப்போம்

மாதா மாதம் கட்டுகிற 6,000 ஒரே காசாகத் தெரிந்தாலும் அதற்குள் இரண்டு காசு இருக்கிறது. ஒன்று, போன மாதம் முழுவதும் அவர்களுடைய பணத்தை வைத்திருந்ததற்கான வட்டி. மற்றது, கடனின் முதலில் கழிகிற பங்கு. இந்த இரண்டாவது பங்குதான் மெசினின் விலையை அடைக்கிறது.

எல்லா மாதமும் இந்தப் பங்கு ஒரே அளவாக இருக்காது. காரணம் லேசானது. முதல் மாதம் அவள் வைத்திருந்தது 60,000 ரூபா கடன். பன்னிரண்டாவது மாதம் வைத்திருப்பது கடைசியாக மிஞ்சிய சில ஆயிரம் மட்டும். 60,000க்கு உள்ள வட்டியும் சில ஆயிரத்துக்கு உள்ள வட்டியும் ஒன்றாக இருக்க முடியுமா? முடியாது. ஆகவே ஆரம்பத் தவணைகளில் வட்டி கூட, முதல் குறைவு. கடைசித் தவணைகளில் வட்டி குறைவு, முதல் கூட.

இந்த 60,000 ரூபா மாதம் 6,000 வீதம் பன்னிரண்டு மாதத்தில் சரியாக அடைய வேண்டுமானால், மிச்சக் கடனுக்கு மாத வட்டி ஏறக்குறைய நூற்றுக்கு 2.92 வருகிறது. அந்தக் கணக்கைப் போட்டால் இப்படி வரும்.

முதலாம் மாதம்: மிச்சக் கடன் 60,000. அதற்கு வட்டி 1,754. ஆகவே 6,000இல் மெசினுக்குப் போனது 4,246. இனி மிச்சக் கடன் 55,754.

இரண்டாம் மாதம்: 55,754க்கு வட்டி 1,630. மெசினுக்கு 4,370. மிச்சக் கடன் 51,383.

மூன்றாம் மாதம்: 51,383க்கு வட்டி 1,502. மெசினுக்கு 4,498. மிச்சக் கடன் 46,885.

(சதங்களை விட்டுவிட்டு எழுதியிருக்கிறோம். அதனால் ஓரிடத்தில் ஒரு ரூபா முன்பின் இருக்கலாம்.)

இப்படியே போனால் ஆறாவது மாதம் வட்டி 1,096, மெசினுக்கு 4,904, மிச்சக் கடன் 32,587. பன்னிரண்டாவது மாதம் வட்டி வெறும் 170 ரூபா. மெசினுக்கு 5,830 போய்க் கடன் தீர்கிறது. பன்னிரண்டு மாத வட்டியையும் கூட்டிப் பாருங்கள், அதே 12,000 வரும்.

போட்ட வட்டி வீதம் சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கடைசித் தவணை கட்டியதும் மிச்சக் கடன் பூச்சியமாக வர வேண்டும். இந்தக் கணக்கையே மாதம் 3 வீதம் என்று போட்டால் கடைசியில் 390 ரூபா சொச்சம் கடன் மிஞ்சி நிற்கும். அப்படியானால் போட்ட வீதம் கொஞ்சம் கூட என்று அர்த்தம். போனில் உள்ள கல்குலேட்டரில் இரண்டு மூன்று தரம் மாற்றிப் போட்டால் சரியான வீதம் பிடிபடும்.

இருபது வீதம் என்றது எங்கே போனது?

மாதம் 2.92 வீதம் என்றால் பன்னிரண்டு மாதத்துக்கு நூற்றுக்கு 35. கடையில் சொன்னது 20. அவர்கள் பொய் சொன்னார்களா என்று அந்த மகளும் கேட்டாள். பொய் இல்லை, ஆனால் கணக்குப் போட்ட விதம் வேறு. அவர்கள் சொன்ன 20 வீதம், வருசம் முழுவதும் 60,000 ரூபாவும் அவள் கையிலேயே இருந்தது போலப் போட்ட வட்டி. இதைக் கடைக்காரர்கள் பிளாட் வட்டி என்பார்கள்.

உண்மையில் அவள் ஒவ்வொரு மாதமும் முதலைக் குறைத்துக்கொண்டே வந்தாள். பன்னிரண்டு மாதமும் இருந்த மிச்சக் கடன்களைக் கூட்டிப் பன்னிரண்டால் பிரித்தால் சராசரியாக 34,200 ரூபா அளவில்தான் வருகிறது. இந்த 34,200ஐ வருசம் முழுக்க வைத்திருந்ததற்கு 12,000 வட்டி. அது நூற்றுக்கு 35.

ஆகவே மாதத் தவணைக்கு பிளாட் வட்டி சொல்கிற இடத்தில், உண்மை வட்டி அதன் இரட்டிப்பைவிடக் கொஞ்சம் குறைவு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடையில் "பிளாட் 20", இன்னொரு இடத்தில் "குறைகிற மிச்சத்துக்கு 28" என்று சொன்னால், 28 என்றவரிடம்தான் வட்டி குறைவு. நம்மில் பலர் 20 என்ற இடத்துக்குத்தான் ஓடுவோம்.

முந்திக் கட்டினால் எவ்வளவு?

இப்போது அந்த மகளின் கேள்விக்கு வருவோம். ஆறு தவணையில் அவள் கட்டியது 36,000. அதில் வட்டிக்குப் போனது 8,587. மெசினுக்குப் போனது 27,413. காலத்தில் அரைவாசி முடிந்தாலும் கடனில் அரைவாசி அடையவில்லை. அதனால்தான் "மிச்சம் முப்பதாயிரம்" என்று அவள் நினைத்தது பிழை. மிச்சக் கடன் 32,587.

கடையில் சொன்ன 36,000 ஏன் பிழை? அது இனி வரவேண்டிய ஆறு தவணையின் கூட்டு. அதற்குள் இனி வரப்போகிற ஆறு மாதத்துக்கான வட்டி 3,413 இருக்கிறது. இன்றைக்கே முழுக்காசையும் கொடுத்துவிட்டால் அந்த ஆறு மாதம் அவள் யாருடைய பணத்தை வைத்திருக்கப் போகிறாள்? வைத்திராத பணத்துக்கு வட்டி எதற்கு?

கல்குலேட்டர் இல்லாமல் இந்தக் கணக்கைப் போட ஒரு பழைய முறை உண்டு. கணக்காளர்கள் இதை 78 கணக்கு என்பார்கள். 12, 11, 10 என்று 1 வரை கூட்டினால் 78 வரும். மொத்த வட்டியை 78 பங்காக வைத்து, முதல் மாதத்துக்கு 12 பங்கு, இரண்டாம் மாதத்துக்கு 11 பங்கு, இப்படிக் குறைத்துக்கொண்டே போய்க் கடைசி மாதத்துக்கு 1 பங்கு கொடுப்பார்கள். அந்த மகளுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. 6, 5, 4, 3, 2, 1 கூட்டினால் 21 பங்கு. 12,000ஐ 78ஆல் பிரித்து 21ஆல் பெருக்கினால் 3,231. 36,000இல் அதைக் கழித்தால் கட்டவேண்டியது 32,769.

முதலில் போட்ட கணக்குக்கும் இதற்கும் வித்தியாசம் 182 ரூபாதான். இந்த முறை கடைக்காரர் பக்கம் கொஞ்சம் சாயும். கடன் காலம் மூன்று, நான்கு வருசம் என்று நீளும்போது இந்தச் சாய்வும் கூடும். ஆனால் ஒரு வருசத் தவணைக்கு வீட்டில் இருந்தே சரி பார்க்க இது போதும். பதினெட்டு மாதத் தவணை என்றால் 18 முதல் 1 வரை கூட்டி வரும் 171ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்துநான்கு மாதம் என்றால் 300.

கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். அவள் ஊருக்குப் போன பிறகு, மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து மட்டக்களப்பு டவுனுக்குப் போய் அந்தத் தாளைக் கடையில் காட்டியிருக்கிறாள். 2014இல் அந்தப் பாலம் திறக்குமுன் அங்கே பாதையில் ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். முதலில் கவுண்டரில் இருந்த பையன் மறுபடியும் 36,000 என்றானாம். அவள் முகாமையாளரைக் கேட்டிருக்கிறாள். அவர் உடன்படிக்கையைப் பார்த்து, 78 கணக்குப்படி 32,769 என்று எழுதிக் கொடுத்தார். "முன்கூட்டி முடிப்பதற்குக் கட்டணம்" என்று உடன்படிக்கையில் ஒன்றும் இல்லாததால் வேறு எதுவும் சேரவில்லை. சில உடன்படிக்கைகளில் அப்படி ஒரு கட்டணம் இருக்கும். அது மிஞ்சுகிற வட்டியைவிடக் கூட என்றால் முந்திக் கட்டுவதில் லாபம் இல்லை. முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் காசை எடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதே மகள் பத்தாவது மாதம் முடிந்து வந்திருந்தால் மிஞ்சுவது 2, 1 என்று மூன்று பங்கு மட்டும், அதாவது 462 ரூபா. வட்டி ஆரம்பத்திலேயே கூடுதலாக எடுபட்டுவிடுவதால், முந்திக் கட்டுவதன் லாபமும் ஆரம்பத்தில்தான் இருக்கிறது. கடைசி இரண்டு மூன்று தவணைக்காகத் தோட்டை அடகு வைத்துக் கட்டுவதில் பலன் இல்லை. அடகு வட்டியே அதைத் தின்றுவிடும்.

குறைத்துக் கட்டினால் என்ன ஆகும்?

மழைக்காலத்தில் பேர் குறைந்து சம்பளம் சுருங்கும்போது, "இந்த மாசம் பாதி கட்டிட்டு வருவோம்" என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மகள் இரண்டாம் மாதம் 6,000க்குப் பதிலாக 3,000 கட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்? முதலில் வட்டி 1,630 எடுபடும். மெசினுக்குப் போவது 1,370 மட்டும். தவணையில் பாதி கட்டினாள், ஆனால் மெசினுக்குப் போகவேண்டிய 4,370இல் மூன்றில் ஒரு பங்குகூட அடையவில்லை. இதற்கு மேல் பிந்தியதற்கான தண்டமும் உடன்படிக்கைப்படி சேரும். இரண்டு மூன்று மாதம் இப்படிப் போனால், கட்டிக்கொண்டே இருப்போம், கடன் மட்டும் அசையாது.

இது நடக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரசீதில் "பெற்றுக்கொண்ட தொகை" மட்டும் பார்த்தால் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் "இன்றைக்கு மிச்ச முதல் எவ்வளவு?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அந்த எண் குறைந்துகொண்டே வருகிறதா, நமது கொப்பியில் உள்ள எண்ணோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

கடைசித் தவணை வரை சாமான் யாருடையது?

வாடகைக் கொள்வனவு என்ற பெயரில் ஏன் "வாடகை" இருக்கிறது? கடைசித் தவணை கட்டும் வரை சட்டப்படி சாமான் கடைக்காரருடையது, நாம் வாடகைக்கு வைத்திருக்கிறோம் என்பதால்தான். இது கடனுக்கு வாங்குவதிலிருந்து வேறு. கொழும்பு புறக்கோட்டையில் 1877இல் கடை திறந்த சிங்கர் கம்பனிதான் தையல் மெசினைத் தவணைக்குக் கொடுக்கும் வழக்கத்தை இந்த நாட்டில் பரப்பியது. அமெரிக்காவில் அந்தக் கம்பனி 1850களிலேயே இதைத் தொடங்கிவிட்டது.

லண்டனில் 1895இல் தீர்ந்த ஒரு வழக்கைக் கணக்கியல் படிக்கிறவர்களும் சட்டம் படிக்கிறவர்களும் இன்றும் படிக்கிறார்கள். ஹெல்பி என்பவரிடம் ஒருவர் பியானோ ஒன்றை மாதம் 10 சிலிங் 6 பென்ஸ் வீதம், 36 மாதத் தவணைக்கு எடுத்தார். தவணை முடியுமுன்பே அதை மத்தியூஸ் என்ற அடகுக்காரரிடம் வைத்துவிட்டார். வழக்கு இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வரை போனது. பியானோவை எடுத்தவர் அதை வாங்கி முடிக்கக் கட்டாயப்பட்டவர் அல்ல, எந்த நேரமும் திருப்பிக் கொடுக்கலாம், ஆகவே அவர் வாடகைக்கு வைத்திருந்தவர்தான், அடகு செல்லாது, பியானோ ஹெல்பியுடையது என்று தீர்ப்பானது. அடகுக்காரருக்கும் நட்டம்.

எங்கள் பக்கத்திலும் அவசரத்துக்குத் தவணைச் சாமானை அடகு வைப்பதும் விற்பதும் நடக்கிறது. அது நம்முடையது அல்லாத பொருளை விற்பதாகும். இலங்கையில் வாடகைக் கொள்வனவுக்கென்று 1982ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. முச்சக்கரவண்டி போன்றவற்றுக்குக் கொடுக்கிற லீசிங்குக்கு 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் தனியாக இருக்கிறது. உடன்படிக்கையின் தலைப்பில் எது எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அந்த மகள் 32,769 கட்டியதும் அந்த ரசீதோடு போதும் என்று திரும்பியிருக்கிறாள். வாசல் வரை வந்தவளுக்கு நாங்கள் சொன்னது ஞாபகம் வர, மறுபடி உள்ளே போய், "கடன் தீர்ந்தது, மெசின் இவருடையது" என்று ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டாள். சீட்டுக்காசில் மிஞ்சியதுக்கு ஜனவரிப் பள்ளிக்கூட உடுப்புகளுக்கு நூலும் பொத்தானும் வாங்கிவிட்டதாகத் தாய்க்குப் போன் பண்ணிச் சொன்னாளாம்.

வீட்டில் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு

ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் காசு விலை 50,000. முற்பணம் 10,000. மிச்சத்துக்கு மாதம் 4,000 வீதம் பன்னிரண்டு தவணை. எட்டுத் தவணை கட்டிய அன்றே மிச்சத்தைக் கட்டி முடிக்க வேண்டும் என்றால், 78 கணக்குப்படி எவ்வளவு?

விடை: தவணைகளின் கூட்டு 48,000. கடன் 40,000. ஆகவே மொத்த வட்டி 8,000. மிஞ்சிய நான்கு மாதத்துக்கு 4, 3, 2, 1 என்று 10 பங்கு. 8,000ஐ 78ஆல் பிரித்து 10ஆல் பெருக்கினால் 1,026. மிச்சத் தவணைகள் 16,000. அதில் 1,026ஐக் கழித்தால் கட்டவேண்டியது 14,974 ரூபா.

பிள்ளைகளிடம் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் வீட்டு உடன்படிக்கையை எடுத்து, அதே மாதிரி ஒரு தரம் போட்டுப் பாருங்கள்.